வழு என்று யார் சொன்னது?

"காலம் குழம்புகிறது. இடமும் மாறுகிறது. ஒருமைப்படுத்தி அனுப்பவும்." சிற்றிதழ் ஒன்றிலிருந்து என் மாணவி ஒருத்திக்குத் திரும்பி வந்த கவிதையின் ஓரத்தில் இந்த மூன்று வாக்கியங்கள் இருந்தன. எழுதியவரை அலட்சியமானவர் என்று சொல்ல முடியாது. எப்படி ஒருமைப்படுத்துவது என்று தானே திருத்தி ஒரு பிரதியையும் இணைத்திருந்தார். பெண்கள் எழுதும் கவிதைகளின் ஓரத்தில் இந்தக் குறிப்பை நான் பார்ப்பது இது முதல் முறையும் அல்ல. ஆண் கவிஞர் ஒருவர் இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்துக்குத் தாவினால் விமர்சனக் கூட்டத்தில் அதற்கு 'உத்தி' என்று பெயர். அதையே இருபத்திரண்டு வயதுப் பெண் செய்தால் அவளுக்கு இலக்கணம் போதவில்லை என்று முடிவாகிவிடுகிறது. விடுப்புக் கடிதத்தைத் திருத்துகிற பேனாவால் கவிதையைத் திருத்துகிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. பேசுகிறவளின் மனம் எந்த இடத்தில் நிலை மாறியது என்பதற்கான ஒரே தடயம் பல நேரங்களில் அந்தக் கால மாற்றமும் இட மாற்றமும்தான். திருத்துகிறவர் முதலில் அழிப்பது அதைத்தான்.

அந்தக் கவிதையை அவள் அனுமதியோடு முழுதாகத் தருகிறேன்.

பத்து மணிக்கு மேல் வருவார்
செருப்பு இரண்டும் இரண்டு திசையில் கிடக்கும்
சோறு ஆறிப்போச்சு என்பார்
சூடு பண்ணுவேன்
அன்றைக்கும் சூடு பண்ணினேன்
தட்டு சுவரில் பட்டது
ரசம் வழிகிறது
இன்னும் வழிகிறது
அவள் துணியெடுத்துத் துடைக்கிறாள்
பிள்ளை எழுந்துவிடக் கூடாது
அவன் கை கழுவிவிட்டுத் தூங்குகிறான்
சுவரைப் பார்த்தபடி நான் உட்கார்ந்திருந்தேன்
விடிந்ததும் காப்பி கேட்பார்
கொடுப்பேன்

திருத்திய பிரதியில் வருவார் 'வந்தார்' ஆகியிருந்தது. கிடக்கும் 'கிடந்தன', என்பார் 'என்றார்'. எல்லாம் ஒரே இரவில் நடந்ததாகிவிட்டதால் 'அன்றைக்கும்' என்ற சொல்லுக்கு வேலையில்லை. அந்த வரியே போய்விட்டது. ரசம் ஒருமுறை 'வழிந்தது', அதோடு நின்றது. 'அவள்' இருந்த இடத்தில் 'நான்' வந்தது, 'அவன்' இருந்த இடத்தில் 'அவர்' வந்தது. கடைசி இரண்டு வரிகள்: காப்பி கேட்டார், கொடுத்தேன். பிழையில்லாத கவிதை. படித்தால் ஒரு இரவுச் சண்டை, காலையில் காப்பியோடு சமாதானம். இப்படி ஒரு கதையை அந்தப் பெண் எழுதவே இல்லை.

அவள் எழுதியது என்ன என்று வினைமுற்றுகளை மட்டும் பிடித்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

வருவார், கிடக்கும், என்பார், பண்ணுவேன். பள்ளி இலக்கணத்தில் இவை எதிர்காலம். ஆனால் நம் வாயில் இந்த வடிவம் வழக்கத்தைச் சொல்லவும் பயன்படுகிறது. "எங்க தாத்தா நாலு மணிக்கே எழுந்திருப்பார்" என்று செத்துப்போன தாத்தாவைப் பற்றிச் சொல்கிறோம். யாரும் அதை நாளைக்கு நடக்கப்போவதாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டில் அடிபடுகிற பெண் தன் கதையைச் சொல்லத் தொடங்கும்போது கவனியுங்கள். "குடிச்சிட்டு வருவான், அடிப்பான்" என்றுதான் பெரும்பாலும் வருகிறது. அடித்தான் என்று சொல்ல ஒரு தேதி வேண்டும், ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். அடிப்பான் என்பதில் நேற்று, இன்று, நாளை மூன்றும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. புகார் எழுதிக்கொள்கிறவர் "எந்தத் தேதி, எத்தனை மணிக்கு" என்று கேட்டதும் அவள் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவள் சொன்ன காலம் வேறு, படிவம் கேட்கிற காலம் வேறு. திருத்தியவர் செய்ததும் புகார்ப் படிவத்தின் வேலைதான்: நான்கு வரி வழக்கத்தை ஒரு நாள் நிகழ்ச்சியாகச் சுருக்கியது.

ஐந்தாவது வரியில் 'அன்றைக்கும்' என்ற உம்மையோடு இறந்தகாலம் வருகிறது. வழக்கத்திலிருந்து ஒரு நாள் பிரிந்து தனியே நிற்கிறது. அடுத்த வரியும் இறந்தகாலம்தான், ஆனால் அதில் ஆள் இல்லை. தட்டு சுவரில் பட்டது. எறிந்தவர் யார் என்பதற்கு எழுவாய் கிடையாது. வருவார், என்பார் என்று அவர் செய்கிறதையெல்லாம் மரியாதை விகுதியோடு சொல்லிக்கொண்டு வந்தவள் 'எறிந்தார்' என்று மட்டும் சொல்லமாட்டாமல் நிற்கிறாள். அதற்குப் பிறகு காலம் உடைகிறது. ரசம் வழிகிறது, இன்னும் வழிகிறது. தட்டு பட்டு முடிந்துவிட்டது, ரசம் முடியவில்லை. எத்தனை ஆண்டு கழித்துச் சொல்கிறாள் என்று நமக்குத் தெரியாது. சொல்லும்போது அந்தச் சுவர் அவள் முன்னால் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

'அவள்' வருவது அந்த நிகழ்காலத்துக்குள்தான். துணியெடுத்துத் துடைக்கிற கைகள் இவளுடையவை, ஆனால் இவள் அங்கே இல்லை; கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறாள். தாங்கமுடியாத நேரத்தில் மனம் உடம்பைவிட்டு ஒரு எட்டு விலகி நிற்பது இந்த ஒரு விகுதி மாற்றத்தில் நடந்துவிடுகிறது. அடுத்து வருகிற "எழுந்துவிடக் கூடாது" என்பதைச் சொல்லுகிறவள் நானா, அவளா? இரண்டு பேருக்கும் அது பொது, ஏனென்றால் 'கூடாது' இடமும் காலமும் காட்டாது. பிள்ளையைப் பற்றிய பயத்தில் மட்டும் இருவரும் ஒருத்தியாகிறார்கள்.

பிறகு 'அவன்'. கவிதை முழுக்க அவர் 'அவர்'தான், இந்த ஒரு வரியைத் தவிர. இந்த வரியில் அவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். விழித்திருக்கிற கணவனை மனசுக்குள்கூட அவன் என்று சொல்ல இவளால் முடிவதில்லை. விடிந்ததும் மறுபடி 'கேட்பார்'. அவர் என்பதை அவன் என்று மாற்ற ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு எவ்வளவு தேவைப்படுகிறது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை அச்சகப் பிழைபோலத் திருத்தி வைத்தவருக்குத்தான் விளக்க வேண்டும்.

'நான்' என்ற சொல் கவிதையில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரே ஒருமுறை, பன்னிரண்டாவது வரியில். தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதால் 'நான்' இல்லாமல் ஒரு முழுக் கவிதையை எழுதிவிடலாம். அப்படியிருக்க ஒருத்தி 'நான்' என்று எழுதினால் அது கனத்தோடு வருகிறது. இங்கே, எல்லாரும் தூங்கிய பிறகு, சுவருக்கு எதிரே, தன் உடம்புக்குத் திரும்பி வருகிறவள் சொல்கிற 'நான்' அது. திருத்திய பிரதியில் துடைக்கிற வரியிலும் 'நான்' போடப்பட்டிருந்ததால் இந்த 'நான்' சும்மா இன்னொரு எழுவாயாகிவிட்டது.

கடைசிச் சொல்லைப் பற்றி வகுப்பில் ஒத்த கருத்து வரவில்லை. கொடுப்பேன் என்பது பழைய வழக்கத்துக்குத் திரும்புவது, அவள் தோற்றுவிட்டாள் என்றார்கள் பாதிப் பேர். மற்றவர்கள் அதை உண்மையான எதிர்காலமாகக் கேட்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அந்தக் காப்பியில என்ன கலந்திருக்கும் மேடம்?" என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது. கொடுத்தேன் என்று முடித்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்தே இருக்காது.

(கவிதையை எழுதியவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. "அப்படியானால் இது யார் வீட்டுக் கதை?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். கவிதைக்குள் பேசுகிறவளின் மனநிலையைத்தான் நாம் படிக்கிறோம், எழுதியவளின் குடும்ப அட்டையை அல்ல. அகப்பாட்டில் தலைவியும் தோழியும் செவிலியும் பேசும்போது யாரும் புலவர் வீட்டு முகவரி கேட்பதில்லை.)

இனி, வழு என்ற சொல்லுக்கு வருகிறேன். இலக்கணத்தின் பெயரால் திருத்துகிறவர்கள் இலக்கணத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுவைச் சொன்ன அதே மரபுதான் அவற்றுக்கு அமைதியும் சொன்னது. வழுவமைதிக்கு அது கொடுத்த காரணங்கள் ஏறக்குறைய எல்லாமே பேசுகிறவரின் மனநிலைகள். எதிர்காலத்திலும் நிகழ்காலத்திலும் நடப்பதை இறந்தகாலத்தில் சொன்னால் அது விரைவு என்கிறது தொல்காப்பியம். சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறவரை வாசலிலிருந்து நண்பர் கூப்பிட்டால், உண்டுவிட்டேன், வந்துவிட்டேன் என்று அவர் பதில் சொல்வதை உரைகள் உதாரணம் காட்டுகின்றன. நாமும் அடுப்படியில் நின்றுகொண்டு 'இதோ வந்துட்டேன்' என்று தினமும் சொல்கிறோம். விரைவோடு மிகுதி, தெளிவு, இயல்பு ஆகியவற்றாலும் முக்காலமும் பிறழலாம் என்கிறது நன்னூல். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திண்ணை ஏறினால், மேகம்கூடக் கூடாத நேரத்தில், மழை பெய்தது என்று சொல்லிவிடலாம். அறிகுறி அத்தனை தெளிவு. மகிழ்ச்சியாலும் உயர்வாலும் சிறப்பாலும் சினத்தாலும் இழிவுணர்ச்சியாலும் திணையும் பாலும் மாறினால் அதையும் நன்னூல் இயல்பு என்கிறது. பசுவை 'அம்மை வந்தாள்' என்று கொஞ்சுவது மகிழ்ச்சிக்குக் காட்டப்படும் உதாரணம். பெண் பிள்ளையை 'வாடா ராஜா' என்று தூக்கிக்கொள்கிற தாய்க்கு இந்த நூற்பா தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இடம் மாறுவதற்கு உரைகாரர்கள் வைத்த உதாரணம் எனக்கு எப்போதும் வியப்பு தருவது. அதில் பேசுகிறவள் ஒரு பெண். 'இவற்றை நான் செய்வேனா' என்று கேட்க வருகிறவள் தன்னைச் 'சாத்தன் தாய்' என்று படர்க்கையில் சொல்லிவிட்டு வினையைத் தன்மையில் முடிக்கிறாள். படர்க்கை தன்மையோடு மயங்கியது, அமையும் என்று எழுதிவிட்டு உரை அடுத்ததற்குப் போய்விடுகிறது. எனக்குப் போக முடிவதில்லை. அவள் மேல் என்ன பழி விழுந்தது? தனக்காகப் பேசும்போது ஏன் மகனின் பெயருக்குள் ஒளிந்துகொள்கிறாள்? ஒளிந்துகொண்டவள் வினைமுற்றுக்கு வரும்போது ஏன் வெளியே வந்துவிடுகிறாள்? அவளுக்குப் பெயர் கிடையாது, மகனுக்கு உண்டு. ஆனால் அந்தத் தன்மை விகுதி அவளுடையது.

மரபு எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டது என்று மகிழ்கிற கூட்டத்தில் நான் இல்லை. திணை, பால் மாற்றத்துக்கு நன்னூல் தந்த ஐந்து காரணங்களை மறுபடி பாருங்கள்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. அச்சம் அதில் இல்லை. கால மாற்றத்துக்குத் தந்த நான்கிலும் இல்லை. அச்சத்தால் சொல் அடுக்கி வரும் என்பதற்கு 'பாம்பு பாம்பு' என்ற உதாரணம் உண்டு. பாம்பைக் கண்டு பயப்படுவதை இலக்கணம் கேட்டிருக்கிறது. பத்து மணிக்கு மேல் வருகிறவரைக் கண்டு பயந்து ஒருத்தி 'நான்' என்பதிலிருந்து 'அவள்' என்பதற்கு ஓடுவதை அது கேட்கவில்லை. அச்சத்தையும் நாணத்தையும் பெண்ணின் குணம் என்று நமக்கு எழுதிவைத்த அதே மரபு, அந்த அச்சம் ஒரு பெண்ணின் வாக்கியத்தை என்ன செய்யும் என்று பட்டியலிட மறந்துவிட்டது. அதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நூற்பா எழுதத் தேவையில்லை. பெண்கள் எழுதியவற்றை வழு என்று சொல்லாமல் படித்தால் போதும்.

நம் பக்கத்திலும் ஒரு சோம்பல் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். பெண்ணியக் கருத்தரங்குகளில் 'நான்' ஓர் இடத்தில் 'அவள்' ஆனால் போதும், சிதைந்த தன்னிலை என்று கட்டுரை வாசித்துவிடுகிறார்கள். எல்லா மாற்றமும் காயம் அல்ல. மகிழ்ச்சியிலும் வாக்கியம் தடம் புரளும், கோபத்தில் இன்னும் நன்றாகப் புரளும். வெறும் பிழையும் உண்டு. 'என் கண்கள் கலங்கியது' என்று எழுதுகிற மாணவியிடம் பேச்சுவழக்கு எழுத்தில் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் மனநிலை தேட எனக்கு விருப்பமில்லை. எது எது என்று பிரிக்க நான் வகுப்பில் செய்வது எளிய வேலை. கவிதையின் வினைமுற்றுகளை மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் காலத்தையும் இடத்தையும் குறிக்கச் சொல்வேன். மாற்றம் எந்த வரியில் என்று தெரிந்ததும் அதற்கு முந்தைய வரியைப் பார்க்கவேண்டும். அங்கே ஏதாவது நடந்திருக்கிறதா? மேலே உள்ள கவிதையில் தட்டு சுவரில் பட்ட பிறகுதான் நிகழ்காலம் வருகிறது, தூங்கிய பிறகுதான் 'அவன்' வருகிறது. அதன் பின் மாறியதைப் பழையபடி மாற்றி உரக்கப் படித்துப் பார்ப்பது. ஒன்றும் போகவில்லை என்றால் அது பிழை, தயங்காமல் திருத்தலாம். மழையைப் பற்றிய கவிதை ஒன்றில் நான்கு வரிக்கு ஒருமுறை காலம் மாறிக்கொண்டிருந்தது, நடுவில் எதுவும் நடக்கவில்லை, மழைகூட ஒரே மாதிரி பெய்துகொண்டிருந்தது. அதை எழுதியவளே சிரித்துக்கொண்டு திருத்தினாள்.

இந்த வேலையை ஆண்டாளிடம் செய்து பார்த்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன். நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழி, 'வாரணமாயிரம்' என்று எல்லாரும் அறிந்தது. கல்யாண வீடுகளில் பாடுகிறார்கள். ஆண்டாள் கண்ணனை மணந்துகொண்டதைப் பாடுவது என்று சொல்லித்தான் பாடுகிறார்கள்.

பத்துப் பாட்டிலும் வினைமுற்றுகளைத் தேடுங்கள். தோழியிடம் சொல்லும் 'கண்டேன்' மட்டும் ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் உறுதியாக நிற்கிறது. தன்மை ஒருமை, இறந்தகாலம். திருமணத்தில் நடக்கும் காரியங்கள் எந்த வடிவத்தில் இருக்கின்றன? தோரணம் நாட்ட, மாலை சூட்ட, காப்புக் கட்ட, கை பற்ற, தீவலம் செய்ய, அம்மி மிதிக்க. எல்லாம் 'செய' என்னும் வாய்பாட்டு எச்சங்கள். இந்த எச்சத்தில் ஆளைக் காட்டும் விகுதி கிடையாது, காலம் காட்டும் இடைநிலையும் கிடையாது. பக்கத்தில் வருகிற முற்றிடமிருந்து அது காலத்தைக் கடன் வாங்கவேண்டும், இங்கே அந்த முற்று 'கண்டேன்'. ஆக, கனவு கண்டது நடந்துவிட்டது; அதற்குக் காலம் உண்டு. கல்யாணத்துக்கு என்று சொந்தமாக ஒரு காலம் பத்துப் பாட்டிலும் தரப்படவில்லை.

விதிவிலக்குபோல இரண்டு இடங்கள் உண்டு. முதல் பாட்டில் 'நடக்கின்றான்' என்று நிகழ்காலம் வருகிறது, இரண்டாம் பாட்டில் 'நாளை' வருகிறது. இரண்டும் 'என்று' என்பதற்குள் அடைபட்டிருக்கின்றன. அவன் வந்துகொண்டிருக்கிறான் என்பதும் நாளைக்கு மணம் என்பதும் ஊரின் பேச்சு. ஊருக்கு இன்றும் நாளையும் இருக்கின்றன. அவளுக்குக் கண்டேன் மட்டும் இருக்கிறது.

இனி இடத்தைப் பாருங்கள். முதல் இரண்டு பாட்டில், கனவு கண்ட 'நான்' என்பதைத் தவிர, அவள் கனவுக்குள் இல்லை, ஊர்க்கோலமும் பந்தலும்தான். மூன்றாம் பாட்டில்தான் முதல்முறையாக 'என்னை' வருகிறது, அவளைப் பெண்பேசும்போது. அங்கிருந்து அவள் பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமையிலேயே இருக்கிறாள்: என்னைப் பேசுகிறார்கள், எனக்குக் காப்புக் கட்டுகிறார்கள், என் கையைப் பற்றுகிறான், அண்ணன்மார் என்னை முன்னே நிறுத்துகிறார்கள். கனவில்கூட மணப்பெண் செயப்படுபொருள்தான். அவள் எழுவாயாக இருந்து செய்கிற உறுதியான ஒரே வினை காண்பது.

எட்டாம் பாட்டில் ஒரு வழுக்கல். கால் பிடித்து அம்மி மிதிக்கவைக்கும் அந்த இடத்தில் அவனை 'நம்மை உடையவன்' என்கிறாள். என்னை, என் கை என்று வந்தவள் இங்கே 'நம்மை' என்கிறாள். கேட்டுக்கொண்டிருக்கும் தோழியும் நாமும் சட்டென்று உள்ளே இழுக்கப்படுகிறோம். உடம்பு மிக நெருங்கித் தொடப்படுகிற வேளையில் அவள் தனியாக நிற்கவில்லை, பன்மைக்குள் போய்விடுகிறாள். அது பக்தியின் பன்மை என்று ஒருவர் சொல்லலாம், கூச்சத்தின் பன்மை என்று இன்னொருவர் சொல்லலாம். நான் இரண்டாவதன் பக்கம். ஒன்பதாம் பாட்டில், பொரி இடும்போது, அண்ணன்மார் நடுவில் மறுபடி 'என்' என்று திரும்பிவிடுகிறாள். அடுத்து பத்தாம் பாட்டு. மஞ்சன நீராட்டு, யானைமேல் ஊர்வலம். அங்கே 'என்' இல்லை. 'அங்கு' என்ற சேய்மைச் சொல் மட்டும் இரண்டு முறை வருகிறது. அதை அசை என்று ஒதுக்கலாம்தான். ஆனால் கல்யாணம் முடிகிற பாட்டில் மணப்பெண் விகுதியாகக்கூட இல்லாமல் போவதும், நடப்பதெல்லாம் 'அங்கு' நடப்பதும் சேர்ந்து வரும்போது, விடியப்போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

விடிந்துவிட்டது என்று பதினோராம் பாட்டு சொல்கிறது. நான் இருந்த இடத்தில் 'தான்' வருகிறது. தான் கண்ட கனவு, கோதை சொல். கண்டேன் என்பது அவள் கண்டதாகிவிட்டது. முத்திரைப் பாட்டில் புலவர் தன்னைப் படர்க்கையில் சொல்வது ஆழ்வார் பாசுர மரபுதான், அது எனக்கும் தெரியும். ஆண்டாள் என்றொரு பெண்ணே இல்லை, பெரியாழ்வாரின் கற்பனை என்று சொன்னவர்களும் உண்டு. இந்தத் 'தான்' அவர்களுக்குக் கைகொடுப்பதாகத் தோன்றலாம். ஆனால் மற்ற ஆழ்வார்கள் இதே மரபில் தங்களைப் பேர் சொல்லிக்கொள்ளும்போது யாரும் அவர்கள் இருப்பையே சந்தேகிப்பதில்லை. மரபு கொடுத்த இடத்தில் அவள் வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள்: மணவாளனைப் பற்றிய பாட்டு என்றோ மணந்த கதை என்றோ அவள் சொல்லவில்லை, கண்ட 'கனா' என்றுதான் சொல்கிறாள். பத்துப் பாட்டில் எச்சமாகவே வைத்திருந்ததைப் பதினோராம் பாட்டிலும் முற்றாக்கவில்லை. முற்றாக நிற்பது பாட்டை வல்லவர்களுக்கான வினை: அவர்கள் நல்ல மக்களைப் பெற்று மகிழ்வார்கள். அந்த எதிர்காலம் மற்றவர்களுக்கு.

பதினான்காம் திருமொழியையும் இதன் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். அது கேள்வியும் பதிலும். அவனைக் கண்டீர்களா என்று ஒரு குரல் கேட்க, விருந்தாவனத்தில் 'கண்டோமே' என்று ஒரு குரல் சொல்கிறது. அதே காண்பது என்ற வினை, அதே இறந்தகாலம், ஆனால் இப்போது பன்மை. கனவு என்ற சொல் இல்லை. கேட்கிறவள் யார், கண்டவர்கள் யார், அந்தக் கண்டவர்களில் அவளும் உண்டா என்பதைப் பாட்டு சொல்வதில்லை. தனியே கண்டேன் என்றவள் எப்போது, யாரோடு சேர்ந்து கண்டோம் என்றாள் என்பதை நாச்சியார் திருமொழியின் 143 பாட்டையும் வரிசையாகப் படித்துத்தான் தேடவேண்டும். குயில், மேகம், சங்கு என்று அவள் முன்னிலை மாறிக்கொண்டே போகிற பாதை அது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

இதற்கிடையில் தேர்வுக்கான நோட்ஸ் 'ஆண்டாள் கண்ணனை மணந்தாள்' என்று ஒரு வரியில் எழுதிவிடும், மாணவிகளும் மனப்பாடம் செய்வார்கள். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், மணந்தாள் என்ற வினைமுற்று அந்தப் பதினோரு பாட்டில் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.